விமானம் ரத்து: விடுப்பை மே 14 வரை நீட்டித்துத் தர வேண்டி

வணக்கம் மேடம்,

நாளை, மே 11 திங்கட்கிழமை, நான் வேலைக்குத் திரும்பியிருக்க வேண்டும். நேற்றிரவு நான் வரவேண்டிய விமானம் ரத்தாகிவிட்டதால் வர முடியாத நிலை. விடுப்பை மே 14 வியாழன் வரை நீட்டித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை காலை வழக்கமான நேரத்துக்கு வந்துவிடுவேன்.

நேற்று இரவு 10.40க்கு விமானம். போர்டிங் பாஸ் வாங்கி, பெட்டிகளையும் போட்டுவிட்டு கேட் அருகே காத்திருந்தோம். முதலில் ஒரு மணி நேரம் தாமதம் என்றார்கள், அப்புறம் இன்னும் இரண்டு மணி நேரம் என்றார்கள். நள்ளிரவு தாண்டியபிறகு, தொழில்நுட்பக் கோளாறு, விமானம் கிளம்பாது என்று அறிவித்தார்கள். பெட்டிகளைத் திரும்ப வாங்கி வெளியே வருவதற்குள் விடிந்துவிட்டது. அதனால்தான் இந்தக் கடிதம் இவ்வளவு தாமதமாக வருகிறது.

மாற்று டிக்கெட்டுக்கு விமான நிறுவனம் இரண்டு வழி சொன்னது. ஒன்று, இன்று மாலையே கிளம்பி வேறொரு நாட்டில் மாறி வருவது. ஆனால் அங்கே ஒரு விமான நிலையத்தில் இறங்கி, ஊரின் மறுகோடியில் இருக்கும் இன்னொன்றில் ஏற வேண்டும். வெளியே போக டிரான்சிட் விசா வேண்டும்; என்னிடம் அது இல்லை. இப்போது விண்ணப்பித்தால் விசா கைக்கு வருவதற்குள் இந்த வாரமே முடிந்துவிடும். ஆகவே இரண்டாவது வழியான புதன் இரவு நேரடி விமானத்தையே எடுத்துக்கொண்டேன். வியாழன் மதியம் வந்து இறங்குவேன். திங்கள், செவ்வாய் விமானங்களில் காத்திருப்போர் பட்டியலிலும் பெயர் கொடுத்திருக்கிறேன். இடம் கிடைத்தால் உடனே உங்களுக்குச் சொல்லிவிட்டு முன்னதாகவே வந்துவிடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை போக வேண்டிய சப்ளையர் பணப்பட்டுவாடாதான் என் பெரிய கவலை. பட்டியலை விடுப்புக்கு முன்பே சரிபார்த்து, பொதுக் கோப்புறையில் போட்டிருக்கிறேன். கடைசி இரண்டு பில்களுக்கு மட்டும் சரக்கு வந்து சேர்ந்த ரசீதோடு தொகையை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கவிதாவிடம் இன்று காலை பேசினேன், பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். ஒப்புதல் மட்டும் நீங்கள் தர வேண்டியிருக்கும். புதன்கிழமை தணிக்கையாளர்களோடு வைத்திருந்த கூட்டத்தை வெள்ளி மதியத்துக்கு மாற்ற முடிந்தால் நல்லது. கேள்விகள் பெரும்பாலும் நான் போட்ட கணக்குகளைப் பற்றியவை என்பதால் நான் இருப்பதுதான் சரி. மாற்ற முடியாவிட்டால் போனில் கலந்துகொள்கிறேன். லேப்டாப் அலுவலகத்தில் இருப்பதால் இங்கிருந்து வேறு வேலை எதுவும் செய்ய இயலவில்லை.

என் கணக்கில் ஈட்டிய விடுப்பு இரண்டு நாள்தான் மீதி. மற்ற இரண்டு நாளைச் சம்பளமில்லா விடுப்பாக வைத்தாலும், வரும் சனிக்கிழமைகளில் ஈடுசெய்யச் சொன்னாலும் எனக்குச் சம்மதம்.

விமான நிறுவனம் கொடுத்த ரத்துச் சான்றையும் புதிய டிக்கெட்டையும் இணைத்துள்ளேன். இங்கே போன் சிக்னல் சரியாக இல்லை, அவசரமென்றால் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புங்கள்.

நன்றி மேடம்.

இப்படிக்கு,
செந்தில்
கணக்குப் பிரிவு
மே 10, 2026