அத்தைக்கு, பவர் பத்திரம் தமிழில்

அத்தை, வக்கீல் ஆங்கிலத்தில் அனுப்பிய பவர் பத்திரத்தை நேற்று ராத்திரி உட்கார்ந்து தமிழில் எழுதிவிட்டேன். நீங்கள் கையெழுத்துப் போடப்போவது ஆங்கிலப் பிரதியில்தான், இது நீங்கள் படித்துப் புரிந்துகொள்ள. பெயர், முகவரி, பாஸ்போர்ட் எண் இருக்கும் முதல் பத்தியை மட்டும் இங்கே விட்டுவிட்டேன், அதை பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள்.

"நான் வெளிநாட்டில் வசிப்பதால் என் வீட்டை நேரில் கவனிக்க இயலவில்லை. எனவே என் உடன்பிறந்த தம்பியை என் முகவராக நியமித்து, கீழே சொல்லியுள்ள செயல்களை மட்டும் என் சார்பில் செய்ய அதிகாரம் அளிக்கிறேன்.

வீட்டை வாடகைக்கு விடலாம், வாடகையை வாங்கி என் வங்கிக் கணக்கில் செலுத்தலாம், வீட்டு வரியும் மின்கட்டணமும் கட்டலாம், பழுது பார்க்கலாம். ஒரு பழுதுக்கான செலவு ஒரு மாத வாடகையைத் தாண்டுமானால் என் எழுத்துமூலமான சம்மதத்தை முன்கூட்டியே பெற வேண்டும்.

வீட்டையோ அதன் எந்தப் பகுதியையோ விற்கவும், விற்பனை ஒப்பந்தம் போடவும், அட்வான்ஸ் வாங்கவும், அடமானம் வைக்கவும், தானமாகக் கொடுக்கவும் முகவருக்கு அதிகாரம் இல்லை. இந்த அதிகாரத்தை வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்கவும் அவருக்கு அதிகாரம் இல்லை.

மேற்கண்ட செயல்களுக்குத் தேவையான துணைச் செயல்களையும் முகவர் செய்யலாம். ஆனால் அவை மேற்கண்ட வரம்புகளுக்கு உட்பட்டவை.

இந்த அதிகாரம் 2026 ஜூலை 1 முதல் 2027 ஜூன் 30 வரை செல்லும். எந்த வாடகை ஒப்பந்தமும் அந்தத் தேதியைத் தாண்டக் கூடாது. அதற்கு முன்பே எழுத்துமூலம் அறிவித்து இதை நான் ரத்து செய்யலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை முகவர் எனக்கு வரவு செலவுக் கணக்குத் தர வேண்டும்."

இரண்டு இடத்தில் நான் ரொம்ப நேரம் நின்றேன். முதலில் "விற்கக் கூடாது" என்றுதான் எழுதினேன். ஆனால் அது நீங்கள் அப்பாவுக்குச் சொல்லும் கண்டிப்பு மாதிரி இருக்கிறது, நாளைக்கு இதைப் படிக்கும் வெளியாளுக்கு அப்பாவால் விற்கவே முடியாது என்று தெரிய வேண்டும், அதனால்தான் "அதிகாரம் இல்லை" என்று மாற்றினேன். இன்னொன்று அந்தத் "துணைச் செயல்கள்" வரி. ஆங்கிலத்தில் "தேவையான மற்ற அனைத்தையும் செய்யலாம்" என்று வெறுமனே இருந்தது. மேலே பூட்டிய கதவை அது கீழே திறந்துவிடுமோ என்று பயந்து வக்கீலிடம் கேட்டேன், அவரும் சரி என்று ஆங்கிலத்திலேயே திருத்திவிட்டார். அதனால் போன வாரம் வந்த பிரதியைக் கிழித்துவிடுங்கள், புதியதில் மட்டும் நோட்டரி முன்னால் கையெழுத்துப் போடுங்கள்.

அப்பாவும் இதைப் படித்தார். அட்வான்ஸ் என்பதைப் பார்த்துவிட்டு, குடிவருபவர் தரும் முன்பணமும் இதில் அடங்குமா என்று கேட்டார். நியாயமான கேள்விதான், "விற்பனைக்கான அட்வான்ஸ்" என்று தெளிவாக்கச் சொல்லியிருக்கிறேன். அந்தத் திருத்தம் வந்ததும் அனுப்புகிறேன், அதுவரை கையெழுத்து வேண்டாம் அத்தை.