தீபாவளி வாரத்தில் ஐஸ் பெட்டிக் கடையிலிருந்து போன பதில்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் டவுனில் ஐஸ் பெட்டி விற்று, பழுதும் பார்க்கும் கடை. வாட்ஸாப்பில் வந்ததும், அதற்குப் போன பதிலும்.

"நேத்து ராத்திரியிலிருந்து பெட்டி ஓடலை. அப்பாவோட இன்சுலின் உள்ளே இருக்கு. காலையில சொல்லியும் யாரும் வரலை."

வணக்கம் அக்கா. முதலில் இன்சுலினைப் பார்ப்போம், பெட்டி அப்புறம். திறக்காத பேனா 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பக்கத்து வீட்டு ஐஸ் பெட்டியில் கீழ்த்தட்டில் வையுங்கள். உறையும் அறையில் மட்டும் வேண்டாம், உறைந்தால் மருந்து கெட்டுவிடும். இப்போது போட்டுக்கொள்ளும் பேனாவைப் பொதுவாக 30 டிகிரிக்குள் வெளியே வைக்கலாம். ஆனால் தகரக் கூரை வீட்டில் மத்தியானம் அதைத் தாண்டிவிடுமே! நேற்றிரவிலிருந்து சூட்டில் இருந்ததைப் போடலாமா என்று கிளினிக் மருந்தகத்தில் கேட்டுவிடுங்கள்.

காலையில் நீங்கள் கூப்பிட்டபோதே உள்ளே மருந்து இருக்கிறதா என்று நாங்கள் கேட்டிருக்க வேண்டும். மன்னியுங்கள். இன்று 4 மணிக்கு ஆள் வருகிறார், உங்கள் வீடுதான் முதல். சாமான் ஈப்போவிலிருந்து வரவேண்டியிருந்தால், அதுவரை கடையில் உள்ள சின்னப் பெட்டியைத் தருகிறோம். வாடகை கிடையாது.

"லீவு போட்டுக் காத்திருந்தேன். பெட்டி கொண்டுவர்ற லோரி வரவே இல்லை."

அண்ணே, நாள் சம்பளத்தில் ஒரு நாள் போனது சின்ன விஷயம் இல்லை. மழையில் செம்பனைக்காட்டுப் பாதை சேறாகி லோரி திரும்பிவிட்டது. அது 11 மணிக்கே எங்களுக்குத் தெரியும். அப்போதே சொல்லியிருந்தால் நீங்கள் பாதி நாள் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். லோரிக் கூலி 40 வெள்ளியைத் திருப்பித் தருகிறோம். இன்னொரு லீவு போடாதீர்கள். வேலை முடிந்து நீங்கள் வந்த பிறகு, 5 மணிக்கு மேல் கொண்டுவருகிறோம், ஞாயிறானாலும் சரி. புறப்படும்போது டிரைவரே கூப்பிடுவார்.

"பெட்டி இப்பதான் நின்னுச்சு. தீபாவளிக்கு வாங்கின ஆட்டுக்கறி எல்லாம் போச்சா?"

இன்னும் போகவில்லை அக்கா, கதவைத் திறக்காதீர்கள். உறையும் அறை நிறைய இருந்தால் ஏறக்குறைய 2 நாள் தாங்கும், பாதி இருந்தால் 1 நாள். கீழே வைத்த பாலும் குழம்பும் 4 மணி நேரம்தான். ஆட்டுக்கறி விற்கிற விலையில் நீங்கள் பதறுவது நியாயம். இன்று சாயங்காலத்துக்குள் வந்து பார்க்கிறோம்.

"வீட்டுக்காரி இருந்தப்போ வாங்கினது. எப்படியாவது சரி பண்ணிக் கொடுங்க."

ஐயா, அம்மா துடைத்துத் துடைத்து வைத்திருந்த பெட்டி என்று பார்த்ததுமே தெரிந்தது. மோட்டார் போய்விட்டது. புதிது போட 450 வெள்ளி ஆகும், அதற்கப்புறமும் எத்தனை நாள் ஓடும் என்று என்னால் உறுதி சொல்ல முடியவில்லை. பார்த்ததற்குக் காசு வேண்டாம். என்ன செய்யலாம் என்று மகளிடம் பேசிவிட்டு நிதானமாகச் சொல்லுங்கள். அதுவரை பெட்டி கடையிலேயே பத்திரமாக இருக்கட்டும்.