சம்பளம் வாங்கத் தொடங்கியவர்களுக்கு இலவசப் பயிலரங்கு: நவம்பர் 16, ஞாயிறு, மதுரை

வேலைக்குச் சேர்ந்து ஒன்றிரண்டு வருடம்தான் ஆகிறதா? மாதம் பிறந்ததும் வரும் சம்பளம் பத்தாம் தேதிக்குள் எங்கே போனதென்று தெரியாமல் முழிக்கிறீர்களா? நவம்பர் 16, 2025 ஞாயிற்றுக்கிழமை காலை 9.30 மணிக்கு மதுரை நத்தம் சாலை கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் கூட்ட அறைக்கு வாருங்கள். மதியம் 1.15க்கு முடித்துவிடுவோம். கட்டணம் இல்லை. எதையும் விற்க மாட்டோம்.

இலவசம் என்றாலே சந்தேகம் வருவது நியாயம்தான். ஓட்டல் ஹாலில் சாப்பாடு போட்டு நடத்தும் நிதிக் கூட்டங்களுக்குச் சிலர் போயிருப்பீர்கள். முதல் ஒரு மணி நேரம் விலைவாசியைப் பற்றிப் பேச்சு, அப்புறம் கையில் ஒரு படிவம், இன்றைக்கே சேர்ந்தால்தான் சலுகை என்று ஒரு அவசரம், மறுநாளிலிருந்து ஓயாத போன். அது எங்களுக்கும் தெரியும். அதனால் எங்கள் விதிகளை இப்போதே சொல்லிவிடுகிறோம்.

நடத்துகிறவர்கள் ஐந்து பேர். ஒருவர் வங்கிக் கிளையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒருவர் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து தருபவர். ஒருவர் ஒரு நிறுவனத்தின் சம்பளப் பிரிவில் இருக்கிறார். மற்ற இருவரும் கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறவர்கள். எங்களில் யாரும் காப்பீட்டு முகவர் இல்லை, மியூச்சுவல் ஃபண்டு விற்பவர் இல்லை, எந்த நிறுவனத்திடமும் கமிஷன் வாங்குபவர் இல்லை. அரங்கச் செலவும் டீ, வடைச் செலவும் எங்கள் ஐந்து பேருடையது. உங்கள் போன் எண்ணைக் கேட்க மாட்டோம். எதிலும் கையெழுத்து வாங்க மாட்டோம், வாட்ஸ்அப் குழுவில் சேர்க்க மாட்டோம். எந்தப் பங்கு வாங்கலாம், எந்த ஃபண்டில் போடலாம் என்று கேட்டால் பதில் சொல்ல மாட்டோம். அப்படி ஆலோசனை சொல்வதற்குப் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியில் பதிவு செய்திருக்க வேண்டும், எங்களிடம் அது இல்லை. பதிவு பெற்ற ஆலோசகர் யார் என்பதை செபியின் இணையதளத்தில் நீங்களே எப்படித் தேடிப் பார்ப்பது என்று காட்டுவோம். முகவர்கள் உட்கார்ந்து கேட்கலாம், தடையில்லை. அரங்கில் விசிட்டிங் கார்டு நீட்டினால் வெளியே போகச் சொல்லிவிடுவோம்.

சரி, அன்றைக்கு என்னென்ன?

காலை 9.45: உங்கள் சம்பளச் சீட்டு

இதற்கு முழுதாக ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம். சேமிப்பு, முதலீடு என்று பேசும் யாரும் இந்தத் தாளைத் தொடுவதில்லை. ஆனால் உங்கள் பணம் தொடங்கும் இடம் அதுதான்.

ஒரு மாதிரிச் சீட்டைத் திரையில் போட்டுப் பிரிப்போம். மொத்தச் சம்பளம் 20,000. அதில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 12,000. பி.எஃப்புக்கு 12 சதவீதம், அதாவது 1,440 பிடித்தம். தொழிலாளர்களுக்கான மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐக்கு மொத்தச் சம்பளத்தில் 0.75 சதவீதம், 150 ரூபாய். கைக்கு வருவது 18,410. 'இவ்வளவு பிடிக்கிறார்களே' என்ற வருத்தத்தோடு பலர் சீட்டை மடித்து வைத்துவிடுகிறார்கள். நிறுவனமும் உங்கள் பெயரில் இன்னொரு 1,440 போடுகிறது. அதில் ஏறத்தாழ 1,000 ஓய்வூதியக் கணக்குக்குப் போகிறது, மீதி பி.எஃப்பில் சேர்கிறது. 2024-25ஆம் ஆண்டுக்கு பி.எஃப்புக்குக் கொடுத்த வட்டி 8.25 சதவீதம். வேலை மாறும்போது இந்தப் பணத்தை எடுத்து ஒரு போன் வாங்கிவிடுவது எளிது. அப்படிச் செய்தால் வட்டியோடு ஓய்வூதியத்துக்கான பணிக்காலமும் கையை விட்டுப் போகும். பழைய கணக்கைப் புதிய வேலைக்கு மாற்றுவது எப்படி என்று படிப்படியாகக் காட்டுவோம்.

இ.எஸ்.ஐ பற்றியும் இங்கேயே பேசுவோம். மாதச் சம்பளம் 21,000க்குள் இருந்தால் உங்களுக்கு அந்த உரிமை உண்டு. உங்களைச் சார்ந்திருக்கும் அப்பா அம்மாவுக்கும் அதில் சிகிச்சை பெறலாம். மாதாமாதம் 150 ரூபாய் பிடித்தம் போய்க்கொண்டிருக்க, அம்மாவின் ஸ்கேனுக்குக் கடன் வாங்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கார்டில் பெற்றோர் பெயரைச் சேர்க்காததுதான் காரணம். இந்த ஒரு விஷயத்துக்காகவே நீங்கள் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறோம்.

சீட்டில் பி.எஃப் பிடித்தம் இருந்து, கணக்கில் பணம் ஏறாமல் இருப்பதும் நடக்கிறது. வரும்போது உங்கள் பி.எஃப் கணக்குக்கான யூ.ஏ.என் எண்ணைக் கொண்டு வந்தால் உங்கள் போனிலேயே பாஸ்புக்கைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். கடவுச்சொல்லை எங்களிடம் சொல்ல வேண்டாம், யாரிடமும் சொல்ல வேண்டாம். வாரிசு நியமனம் செய்திருக்கிறீர்களா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். பி.எஃப் உறுப்பினர் பணியில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும் காப்பீடு அதோடு சேர்ந்தே இருக்கிறது. அதற்காக உங்கள் சம்பளத்தில் தனியாக எதுவும் பிடிப்பதில்லை.

10.45: கடன்

வண்டிக் கடன், கிரெடிட் கார்டு, போனில் ஐந்து நிமிடத்தில் வரும் கடன். மூன்றையும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். யாரையும் குற்றம் சொல்லும் நேரம் இல்லை இது. கடன் இருக்கிறவர்கள் தலையைக் குனிந்துகொண்டு உட்கார வேண்டியதில்லை.

ஒரு கணக்கு மட்டும் இங்கே. கார்டில் 30,000 பாக்கி. வட்டி மாதம் 3.5 சதவீதம், குறைந்தபட்சத் தொகை 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 1,500 கட்டுகிறீர்கள். அதில் 1,050 வட்டிக்கும் 189 அந்த வட்டிக்கான ஜி.எஸ்.டிக்கும் போய்விடும். அசலில் குறைவது 261 ரூபாய். 'மினிமம் கட்டினால் போதும்' என்று குறுஞ்செய்தி வரும்போது இந்த 261 நினைவுக்கு வர வேண்டும்.

இரண்டாவது, ஷோரூமில் சொல்லும் வட்டி. 'பத்து சதவீதம்தான் தம்பி' என்பார்கள். ஒரு லட்சத்துக்கு மூன்று வருடம், வருடம் 10,000 வட்டி, மாதத் தவணை சுமார் 3,611. ஆனால் நீங்கள் மாதாமாதம் அசலைத் திருப்பிக்கொண்டே வருகிறீர்கள், வட்டி மட்டும் கடைசி வரை முழு ஒரு லட்சத்துக்கும் ஓடுகிறது. குறையும் பாக்கிக்கு வட்டி போடும் முறையில் பார்த்தால் அது ஏறத்தாழ 18 சதவீதம். கையெழுத்துப் போடும் முன் என்ன கேட்க வேண்டும், எந்தத் தாளை வாங்கிப் படிக்க வேண்டும் என்பதை எழுதியே தருவோம்.

கடனை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்று காட்டும் சிபில் மதிப்பெண் பற்றியும் கொஞ்சம் பேசுவோம். 300 முதல் 900 வரை போகும் எண் அது. நாட்டில் நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது விதி. காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. நண்பனுக்கு ஜாமீன் போட்டால் அந்தக் கடனும் உங்கள் அறிக்கையில் ஏறும்.

11.30: டீ, வடை

11.45: வீட்டுக்குக் கொடுப்பதும் நமக்கு வைப்பதும்

அக்கா கல்யாணக் கடன், தம்பி படிப்பு, அப்பாவின் மருந்து. முதல் சம்பளத்திலிருந்தே இதையெல்லாம் தூக்குகிற பிள்ளைகளிடம் 'வருமானத்தில் 20 சதவீதம் சேமி' என்று சொல்வது சரியில்லை என்று நினைக்கிறோம். 500 ரூபாயில் தொடங்கும் சேமிப்பும் சேமிப்புதான். வீட்டில் உட்கார்ந்து 'இவ்வளவு தருகிறேன், இவ்வளவு என் கணக்கில் இருக்கட்டும்' என்று மனம் கோணாமல் பேசுவது எப்படி என்பதை இந்த நேரத்தில் எல்லோரும் சேர்ந்தே பேசுவோம். எங்களைவிட உங்களில் சிலருக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கும். நீங்கள் சொல்லுங்கள், மற்றவர்கள் கேட்கட்டும்.

காப்பீடும் இதில் வரும். சித்தப்பா, மாமா சொன்னார் என்பதற்காகப் பாலிசி எடுத்தவர்கள் அந்தப் பத்திரத்தைக் கொண்டு வாருங்கள். எவ்வளவு கட்டுகிறோம், எவ்வளவுக்குக் காப்பீடு, பாதியில் நிறுத்தினால் என்ன கிடைக்கும் என்ற மூன்றையும் பத்திரத்தில் தேடிப் பிடிக்கச் சொல்லித் தருவோம். புதிதாக எடுத்தவர்களுக்கு ஒரு தகவல்: பத்திரம் கைக்கு வந்து 30 நாளுக்குள் வேண்டாமென்று திருப்பிக் கொடுக்கலாம்.

12.30: பணம் பறிபோகும் வழிகள்

பதிவு செய்யாத சீட்டு, 'தினமும் ரிட்டர்ன்' என்று சொல்லும் டெலிகிராம் குழு, பங்குச் சந்தையில் நடக்கும் ஃபியூச்சர்ஸ் ஆப்ஷன்ஸ் வியாபாரம். கடைசியாகச் சொன்னது சட்டத்துக்கு உட்பட்டதுதான். ஆனால் 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளைக் கணக்கெடுத்த செபி, அதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள் என்று சொன்னது. சீட்டு கட்டுகிறவர்களை விடச் சொல்லவில்லை. அது 1982ஆம் ஆண்டு சிட் ஃபண்டு சட்டத்தின்படி பதிவு செய்ததா என்று பார்க்கச் சொல்லித் தருகிறோம். ஆன்லைனில் பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்கு அழையுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குப் போய்விடும்.

12.50: கேள்விகள்

வாசலில் ஒரு பெட்டியும் துண்டுச் சீட்டுகளும் இருக்கும். பெயர் எழுத வேண்டாம். எழுதிப் போடுங்கள், எடுத்துப் படித்துப் பதில் சொல்கிறோம்.

யார் வரலாம்? 18 முதல் 30 வயதுக்குள் சம்பாதிக்கிற எவரும். ஐ.டி. கம்பெனி, ஜவுளிக்கடை, மருத்துவமனை, ஒர்க்‌ஷாப், உணவு டெலிவரி எதுவானாலும் சரி. சம்பளச் சீட்டே இல்லாத வேலையா? கட்டாயம் வாருங்கள், முதல் ஒரு மணி நேரத்தில் உங்களுக்கென்று தனி மேசை போட்டிருக்கிறோம். எல்லாம் தமிழில்தான் நடக்கும். தனியாக வரத் தயங்கும் பெண்கள் தோழியையோ அம்மாவையோ அழைத்து வரலாம். கைக்குழந்தையோடும் வரலாம்.

கொண்டு வர வேண்டியவை: கடைசிச் சம்பளச் சீட்டு, கடன் இருந்தால் அதன் ஒப்பந்தம், பாலிசிப் பத்திரம், ஒரு நோட்டு, பேனா. எதையும் யாரிடமும் காட்ட வேண்டியதில்லை, உங்கள் மடியிலேயே இருக்கட்டும். ஆதார் நகல் தேவையில்லை.

வழி: பெரியார் நிலையத்திலிருந்தோ மாட்டுத்தாவணியிலிருந்தோ வருபவர்கள் நத்தம் ரோடு வழியாகப் போகும் டவுன் பஸ்ஸில் நூலகம் என்று கேட்டு இறங்கலாம். வண்டியில் வருபவர்கள் நத்தம் மேம்பாலத்தில் ஏறிவிடாதீர்கள், கீழ்ச்சாலையிலேயே வாருங்கள்.

அறையில் 60 நாற்காலிகள்தான் இருக்கின்றன. வர நினைப்பவர்கள் இந்தப் பக்கத்துக்கு 'வருகிறேன்' என்று பெயரோடு ஒரு செய்தி அனுப்புங்கள். நவம்பர் 13, வியாழன் இரவுக்குள் அனுப்பினால் டீக்குச் சொல்ல வசதியாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமையும் வேலை இருக்கிறவர்கள் 'வேறு நாள்' என்று எழுதி, உங்களுக்கு எந்தக் கிழமை விடுமுறை என்பதையும் சொல்லுங்கள். 15 பேர் சேர்ந்தால் அந்தக் கிழமையில் இன்னொரு முறை நடத்துவோம்.