அம்மா வீட்டுத் தீபாவளி: யார் யாருக்கு என்ன வேலை

எல்லாருக்கும் வணக்கம். மெசேஜ் நீளமா இருக்கும், தயவுசெஞ்சு கடைசி வரைக்கும் படிச்சிட்டு பதில் போடுங்க. சித்தப்பா கண் ஆப்பரேஷன் செஞ்சிருக்கார், போனைப் பார்க்க வேண்டாம். தினேஷ், நீ உன் தாத்தாவுக்கு உட்கார்ந்து படிச்சுக் காட்டு.

இன்னிக்கு 25. தீபாவளிக்குச் சரியா ரெண்டு வாரம். 8ஆம் தேதி ஞாயித்துக்கிழமை விழுறதால திங்கக்கிழமையும் லீவு. அதனால யாரும் ஞாயிறு சாயங்காலமே பையைத் தூக்கிட்டு ஓட வேண்டிய அவசியம் இல்ல.

இந்த குரூப்ல அம்மாவைச் சேர்க்கல. காரணம் சொல்றேன். போன வாரம் ரவாங்லேர்ந்து நான் போயிருந்தப்ப, "இந்த வருஷம் பெருசா ஒண்ணும் வேண்டாம்மா, வாசல்ல ஒரு விளக்கு ஏத்துனா போதும்"னு சொன்னாங்க. சரின்னு நானும் பேசாம இருந்துட்டேன். ராத்திரி தண்ணி குடிக்க எழுந்து வந்தா, அம்மா ஹால்ல தரையில உட்கார்ந்திருக்காங்க. மடியில அப்பாவோட லைட் டின். அந்தப் பழைய சதுர பிஸ்கட் டின் ஞாபகம் இருக்கா? உள்ள ஒவ்வொரு லிப்லாப் வயரையும் அப்பா அட்டையில சுத்தி, மேல வெள்ளை டேப் ஒட்டி எழுதி வச்சிருக்கார். "முன் வாசல் இடது." "கேட்." "சாமி மேடை, மெதுவா கழட்டவும்." அம்மா ஒவ்வொண்ணா எடுத்து, அந்த எழுத்தை விரலால தடவிப் பார்த்துட்டு, திரும்ப அதே இடத்துல அடுக்குறாங்க. நான் பார்த்தது அவங்களுக்குத் தெரியாது.

போன வருஷம் துடக்கு. வீட்டுல ஒரு விளக்கு கூட ஏத்தல, அக்கம்பக்கத்து வீடெல்லாம் மின்ன, நம்ம வீடு மட்டும் இருட்டா கிடந்துச்சு. ஜனவரியில திவசம் முடிஞ்சிருச்சு. அப்பா போனதுக்கு அப்புறம் நாம கொண்டாடப் போற முதல் தீபாவளி இது. வீடு எப்பவும் போல இருக்கணும்னு நான் நினைக்கிறேன். ஆனா அப்பாவும் அம்மாவும் ரெண்டு பேரா செஞ்ச வேலையை அம்மா ஒருத்தரா செய்ய முடியாது. முட்டி வலிக்கு மருந்து சாப்பிடுறவங்க நாற்காலி மேல ஏறவே கூடாது. அதனாலதான் இந்தப் பங்கு.

அண்ணே, லைட் வேலை உங்களுக்கு. மூத்தவர்ங்கிறதுக்காக இல்ல, அப்பா ஏணியைப் பிடிக்கச் சொன்னது எப்பவும் உங்களைத்தான். எது எங்க போகும்னு உங்களுக்குத் தெரியும். அப்பா எழுதின டேப்பை மட்டும் யாரும் பிய்க்காதீங்க, வயர் கெட்டுப் போயிருந்தாலும் அட்டையை அப்படியே வச்சிட்டு புது வயரை அதே அட்டையில சுத்துங்க. நீங்க ஜேபியிலேர்ந்து வெள்ளிக்கிழமை ராத்திரிதான் வர முடியும்னு தெரியும். அதனால தம்பி அடுத்த ஞாயிறே போய் எல்லா வயரையும் ஒரு தடவை சொருகிப் பார்த்து, எரியாததை எழுதி குரூப்ல போடட்டும். நவம்பர் மாசம் சாயங்காலம் ஆனா மழை கொட்டும், உங்க எல்லாருக்கும் தெரியும். 2023ல பலகாரம் சுட்டுக்கிட்டு இருக்கும்போது கேட் பக்கத்து இணைப்புல தண்ணி இறங்கி மெயின் சுவிட்ச் விழுந்து, அம்மா மெழுகுவர்த்தி வெளிச்சத்துல முறுக்குப் பிழிஞ்சாங்க. இந்தத் தடவை வெளிய எந்த இணைப்பும் தரையில கிடக்கக் கூடாது. கூரைக்குக் கீழ, உயரத்துல கட்டுங்க. ஒரே பிளக்ல எல்லாத்தையும் சொருக வேண்டாம். படுக்கப் போகும்போது அணைக்கிற பொறுப்பும் உங்களுக்குத்தான் அண்ணே.

தோரணம் சித்தப்பா. வேற யாருக்கும் அந்தக் கை வராது. ஆனா சித்தப்பா, நீங்க வெட்டப் போகாதீங்க, உட்கார்ந்து பின்னுறது மட்டும் உங்க வேலை. குருத்தோலையைத் தினேஷும் தம்பியும் சனிக்கிழமை காலையில வெட்டிட்டு வந்து, ஈரத் துணியில சுத்தி உங்க பக்கத்துல வைப்பாங்க. முதல் நாளே வெட்டினா ஓரம் கருத்துப் போகுது. மாவிலை நம்ம பின்கட்டு மரத்துலயே இருக்கு. செவப்பா துளிர்த்திருக்கிறதைப் பறிக்காதீங்க, மதியத்துக்குள்ள தொங்கிப் போயிடும். நல்லா முத்தின பச்சை இலையா, ஒரே அளவா எடுங்க. காம்பைக் கயித்து மேல மடிச்சு இலையிலயே ஈர்க்குச்சியால குத்துற விதத்தைச் சின்னப் பசங்களுக்குச் சொல்லிக் கொடுங்க சித்தப்பா. அப்பாவுக்கு நீங்க சொல்லிக் கொடுத்தீங்களா, உங்களுக்கு அப்பா சொல்லிக் கொடுத்தாரான்னு இன்னும் எங்களுக்குத் தெரியல, அதையும் அன்னிக்குச் சொல்லுங்க.

அத்தை, அகல் விளக்கு நீங்க வாங்கிடுங்க. ஈஜோக்லேர்ந்து கோலசிலாங்கூர் உங்களுக்குத்தான் கிட்ட. மண் சட்டி செய்யிற இடத்துலயே போய் எடுத்தா ஓட்டை, விரிசல் பார்த்துப் பொறுக்கலாம். 51 வேணும், உடையறதுக்குச் சேர்த்து 60 வாங்கிடுங்க. வாங்கினதும் ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணியில ஊறப் போட்டு எடுத்துக் காய வைங்க, இல்லைன்னா புது மண் எண்ணெயைக் குடிச்சிடும். திரியும் நல்லெண்ணெயும் நான் கொண்டு வர்றேன்.

மாப்பிள்ளை, முன் சுவருக்குச் சாயம் அடிக்கிறது உங்களை நம்பித்தான். அடுத்த சனி, ஞாயிறு ரெண்டு நாள்ல முடியும். போன வருஷம் அடிக்காததால கேட் தூண்ல பாசி பிடிச்சிருக்கு, முதல்ல அதைச் சுரண்டணும். நிறத்தைப் பத்தி நமக்குள்ள விவாதம் வேண்டாம், எப்பவும் உள்ள அதே இளமஞ்சள்தான். தங்கச்சி, அந்த ரெண்டு நாளும் நீ நாக்கோ ஜன்னல் கண்ணாடியைப் பார்த்துக்கோ. ஒவ்வொரு பட்டையா கழுவணும், பசங்ககிட்ட விடாதே, கை கிழிஞ்சிடும். திரைச்சீலைக்கு அளவு எடுத்து நானே தைக்கக் கொடுத்துட்டேன், வெள்ளிக்கிழமை வந்திடும். மாட்டுற வேலையும் உனக்குத்தான்.

தம்பி, கிள்ளான் கடைக்கு நீ போ. ஷா ஆலாம்ல வேலை முடிஞ்சு அப்படியே போனா கிட்ட. ஆனா புதன்கிழமை 4ஆம் தேதி போ, வெள்ளி, சனியில தெங்கு கிளானா சாலையில காரை வைக்கவே இடம் கிடைக்காது. சாமி மேடைக்குப் புது துணி, கதவு மேல தொங்க விடுற பூச்சரம், சாம்பிராணி, கோலத்துக்கு வண்ணம். மாலைக்கு மட்டும் நம்ம ஊர்ப் பூக்கடையில இப்பவே சொல்லி வச்சாச்சு. அப்பா படத்துக்கு மல்லிகை மாலை, சாமிக்கு ரெண்டு. செலவுக்கு ஒரு குடும்பத்துக்கு 80 வெள்ளின்னு வச்சிருக்கேன், அஞ்சு குடும்பம், மொத்தம் 400. தம்பி கணக்குக்கு அனுப்பிடுங்க. அத்தை, சித்தப்பா, உங்க ரெண்டு பேர்கிட்டயும் நான் வாங்க மாட்டேன், உங்க பங்கை நானும் அண்ணனும் போட்டுக்கிறோம்.

இப்ப கோலம். அண்ணி, இதுல நீங்களும் நானும் யாழினியும் சேர்ந்து செய்வோம். அரிசியை நான் வியாழக்கிழமையே ரவாங்ல தயார் பண்ணிடுறேன். மூணு கிலோ நொய்யரிசி, ஆறு நிறம். அம்மா முறைப்படி வண்ணத்துல கொஞ்சம் புளிக்காடி ஊத்திப் பிசறி, பேப்பர்ல பரப்பி, காத்தாடிக்குக் கீழ காய வைப்பேன். மழை நாள்ல ஒரு நாள் முழுக்கப் பிடிக்கும், அவசரப்பட்டா கையில ஒட்டும். சனிக்கிழமை மத்தியானம் வாசல்ல 15 புள்ளி, 8 வரைக்கும் ஊடுபுள்ளி, தாமரை. யாழினி சாக்கட்டியால புள்ளி வைக்கட்டும், நாம நிரப்புவோம். கார் யாரும் உள்ள ஏத்தாதீங்க, எல்லாம் ரோட்டு ஓரம்.

நடுவுல உள்ள அந்தத் தாமரை மொட்டை மட்டும் காலியா விட்டுடணும். அதை அம்மா போடுவாங்க. பலகையைப் போட்டு உட்கார வச்சு, அரிசிக் கிண்ணத்தைக் கையில கொடுப்போம். அம்மாவை ஓரமா உட்கார வச்சிட்டு நாமளே எல்லாத்தையும் செஞ்சுட்டா அது அவங்க வீடு மாதிரியே இருக்காது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல அரிசியை உருட்டி விடும்போது அவங்களுக்கு ஒரு மணி கூட கோடு தாண்டாது, யாழினி அதைப் பக்கத்துல இருந்து பார்க்கணும்.

யாழினி, உனக்கு இன்னொரு வேலையும் இருக்கு. வாசல்ல வைக்கிற வாழ்த்துப் பலகை. கடையில அச்சடிச்சது வேண்டாம், நீ தமிழ்ல கையால எழுது. ஒரு மூலையில செம்பனைக் குலை ஒண்ணு வரைஞ்சிடும்மா. தாத்தா பிறந்தது தென்னமரம் தோட்டத்து லயத்துல. இந்த நாட்டுல செம்பனையை வியாபாரத்துக்குன்னு முதல்ல நட்டது அங்கதான், 1917லன்னு வீட்டுக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லுவார். இந்தத் தீபாவளிக்கு அதை உன் பலகை சொல்லட்டும்.

சனிக்கிழமை சாயங்காலம் 7 மணிக்குப் படையல். முதல் தடவையா அப்பா படத்துக்கு முன்னால இலை போடப் போறோம். அதுக்குள்ள லைட், தோரணம், கோலம் எல்லாம் முடிஞ்சு, எல்லாரும் குளிச்சிருக்கணும். அப்பா படத்தைத் துடைச்சுப் பொட்டு வைக்கிறதை மட்டும் நான் யாருக்கும் கொடுக்கல. அண்ணே, அதை நீங்களும் நானும் தம்பியும் தங்கச்சியும் நாலு பேரும் சேர்ந்து செய்வோம். பிடிச்ச பலகாரம் எதுன்னு அம்மாவைக் கேட்டு அழ வைக்க வேண்டாம், எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், நெய் உருண்டையும் ஓமப்பொடியும். நான் செஞ்சு கொண்டு வர்றேன். படையல் முடிஞ்சதும் 51 விளக்கையும் பசங்க ஏத்தட்டும், முதல் விளக்கு அம்மா கையால. கம்பி மத்தாப்பு கொளுத்துறவங்க தோரணத்துப் பக்கம் வராம ரோட்டுப் பக்கம் நின்னுக்கோங்க.

பக்கத்து வீட்டு மக்சிக் போன வருஷம் நம்ம வாசல் இருட்டா இருந்ததைப் பார்த்துட்டு, தன் வீட்டு வராந்தா லைட்டை நம்ம பக்கமாத் திருப்பி வச்சாங்க. யாரும் கேட்கல, அவங்களே செஞ்சாங்க. ஞாயித்துக்கிழமை மதியம் முதல் பலகாரத் தட்டு அவங்க வீட்டுக்குத்தான். தங்கச்சி, தினேஷையும் கூட்டிட்டு நீயே கொண்டு போய்க் கொடு.

செவ்வாய்க்கிழமை ராத்திரிக்குள்ள ஒவ்வொருத்தரும் "சரி"ன்னு போடுங்க. முடியாதுன்னா இப்பவே சொல்லுங்க, மாத்திக்கலாம், மனசுல வச்சுக்காதீங்க. அம்மாகிட்ட யாரும் இன்னும் வாய் திறக்க வேண்டாம், சாயம் அடிக்கப் போகும்போது மாப்பிள்ளையே சொல்லிக்குவார்.

அண்ணி, வெள்ளிக்கிழமை ஜேபியிலேர்ந்து கிளம்பினதும் எனக்கு ஒரு போன் பண்ணுங்க. எத்தனை மணி ஆனாலும் முழிச்சிருப்பேன், தோசை மாவு அரைச்சு வச்சிருப்பேன், வந்ததும் பசியாறிட்டுப் படுக்கலாம்.