ஞாயிறு வகுப்பு: தமிழையும் சமயத்தையும் சேர்த்துக் கற்பிக்க ஒரு பாடத்திட்டம்

கோயில் நிர்வாகக் குழுத் தலைவர், செயலாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் நம் கோயிலுக்கு வரும் பிள்ளைகள் தேவாரம் பாடுகிறார்கள், நன்றாகவே பாடுகிறார்கள். ஆனால் அவர்கள் கையில் இருப்பது ஆங்கில எழுத்தில் அச்சடித்த தாள். 'மாசில் வீணையும்' பாடி முடித்த ஒரு பெண்ணிடம் தென்றல் என்றால் என்ன என்று கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை, பக்கத்தில் நின்ற அவள் அம்மாவுக்கும் தெரியவில்லை. பக்திக்குக் குறைவில்லை. படிக்கத்தான் யாரும் கற்றுக் கொடுக்கவில்லை.

சமய வகுப்பை ஆங்கிலத்திலும் தமிழ் வகுப்பைத் தனியாகவும் நடத்துவதை விட்டு, இரண்டையும் ஒரே வகுப்பாக்கலாம் என்பதே என் கோரிக்கை. வழிபாட்டில் பிள்ளைகள் தினமும் பார்ப்பதும் தொடுவதும்தான் மொழிப்பாடம்.

சனிக்கிழமை பள்ளி விளையாட்டு இருப்பதால் ஞாயிறு காலை 9 முதல் 11.30 வரை நடத்தலாம். 7 முதல் 9 வயது வரை ஒரு பிரிவு, 10 முதல் 13 வரை இன்னொன்று. ஜனவரியில் பள்ளி திறந்ததும் தொடங்கி, பள்ளியின் நான்கு தவணைகளையே நாமும் பின்பற்றலாம். நம் பண்டிகைகளும் அதற்குத் தோதாகவே வருகின்றன.

முதல் தவணையில் பொங்கலும் தைப்பூசமும். எழுத்துகளை ஆத்திசூடி வழியாகத் தொடங்குவோம். 'அறம் செய விரும்பு', 'ஆறுவது சினம்' என்று உயிரெழுத்து 12ம் வரிசையாக வந்துவிடும். ஒவ்வொரு வரியோடும் பேசுவதற்கு ஒரு விஷயமும் கிடைக்கும். கூடவே காவடி, வேல், மயில், பால்குடம். 247 எழுத்தையும் பெரிய அட்டையில் எழுதி மாட்டிப் பிள்ளைகளை மிரட்ட வேண்டாம். இந்தத் தவணை முடிந்ததும் ஆங்கில எழுத்துத் தாளை அடியோடு நிறுத்திவிட வேண்டும். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்தத் தாளில் ல, ள, ழ மூன்றும் ஒன்றாகிவிடுகின்றன. தாள் கையில் இருக்கும்வரை எந்தப் பிள்ளையும் தமிழ் எழுத்தைத் தேடிப் போகாது.

இரண்டாம் தவணை சித்திரைப் புத்தாண்டோடு தொடங்கும். அப்பர், ஆண்டாள் ஆகியோரின் கதைகளும் எளிய குறள்களும் இதில் வரும். நீற்றறையில் அடைக்கப்பட்ட அப்பர் அந்த வெப்பத்திலும் இறைவன் திருவடி நிழலை இளவேனிலாகவும் தென்றலாகவும் பாடினார் என்ற கதையைக் கேட்டபின், அந்தச் சொற்களை எந்தக் குழந்தையும் மறக்காது.

மூன்றாம் தவணையை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊருக்கே உரிய பாடம் அதில்தான் இருக்கிறது. ஆடியில் மாரியம்மனுக்குக் கஞ்சி காய்ச்சும் வாரத்தில் வகுப்பு மண்டபத்தில் வேண்டாம், அடுப்படியில் நடக்கட்டும். ஒரு ஆயா முன்னால் நின்று, 'தண்ணி ஊத்து', 'கிண்டு', 'அடி பிடிக்குது பாரு', 'போதும்' என்று தமிழிலேயே சொல்லட்டும். பிள்ளைகள் கேட்டுச் செய்வார்கள். வேப்பிலை, செம்பு, மஞ்சள் எல்லாம் கையில் பிடித்தபடியே கற்கும் சொற்கள். பிறகு உட்கார்ந்து, அன்று செய்ததை நாலு வரி எழுதுவார்கள். பெரிய பிள்ளைகள் அம்மனை ஏன் கும்பிடுகிறோம், அம்மை நோயோடு அந்த வழிபாட்டுக்கு என்ன தொடர்பு என்று பெரியவர்களைக் கேட்டுக் குறித்து வருவார்கள். புரட்டாசி விரதமும் அப்படியே.

நான்காம் தவணையில் தீபாவளியும் கார்த்திகை தீபமும் வரும். நம் வரலாறும் இதில் சேரும். சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் வந்து சேர்ந்தது. கரும்புத் தோட்டத்துக்குக் கூலிக்கு வந்தவர்கள் தகரக் கொட்டகையில் குடியிருந்துகொண்டே கோயில் கட்டினார்கள். மேகசின் பேரக்ஸிலிருந்தும் கேட்டோ மேனரிலிருந்தும் இங்கே குடியேற்றப்பட்ட குடும்பங்களின் பெரியவர்கள் வந்து பேசட்டும். எம்பெருமாள் கோயிலைப் பார்க்க மவுண்ட் எட்ஜ்கோம்புக்கு ஒரு நாள் கூட்டிப் போகலாம்.

இன்னொன்று. நம் தெருவில் கிறிஸ்தவத் தமிழ்க் குடும்பங்கள் நிறைய, பல பேர் நமக்குச் சொந்தக்காரர்கள். வகுப்பின் முதல் ஒன்றரை மணி நேரம் கதை, எழுத்து, பேச்சு. வழிபாடு கடைசியில்தான். அந்தப் பிள்ளைகள் விரும்பினால் முதல் பகுதிக்கு வரட்டும். நம் பிள்ளைகளும் ஒரு ஞாயிறு வீரமாமுனிவரின் தேம்பாவணி பற்றியும் இன்னொரு ஞாயிறு உமறுப்புலவரின் சீறாப்புராணம் பற்றியும் கேட்கட்டும். பிற சமயத்தாரின் பக்தியை மதிக்கத் தெரிவதும் சமயக் கல்விதான்.

தேர்வு கிடையாது. ஆண்டு இறுதியில் ஒவ்வொரு பிள்ளையும் சந்நிதியில் ஒரு பாடலைத் தமிழ் எழுத்தில் பார்த்துப் படித்து, பொருளையும் தன் சொந்தத் தமிழில் சொல்ல வேண்டும். பிழை வந்தால் வரட்டும்.

செலவு அதிகமில்லை. மண்டபத்தைக் கோயில் இலவசமாகத் தந்தால் ஒரு பிள்ளைக்குத் தவணைக்கு 100 ரேண்ட் போதும். நோட்டும் நகலெடுப்பும் அதில் அடங்கிவிடும். முடியாத வீட்டாரிடம் கேட்க வேண்டாம். கற்பிக்க என்னோடு இரண்டு பேர் முன்வந்திருக்கிறார்கள், மூவருக்கும் சம்பளம் வேண்டாம். தமிழ் பேசத் தெரிந்த ஆயா, தாத்தாக்களில் நாலு பேரையாவது குழுதான் அழைத்துத் தர வேண்டும். அது எங்களால் ஆகாது.

நம் தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 6ஆம் பிரிவு, மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளில் ஒன்றாகத் தமிழைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. பின்னால் மாகாண உதவி கேட்கும்போது இதை எடுத்துச் சொல்லலாம்.

அக்டோபர் கூட்டத்தில் இதை எடுத்துக்கொண்டு, மண்டபம் கிடைக்குமா என்பதை மட்டுமாவது முடிவு செய்யுங்கள். சரி என்றால் தீபாவளிக்குள் பெயர்ப் பதிவைத் தொடங்கிவிடுவோம்.

இப்படிக்கு,
ஞாயிறு வகுப்பு ஆசிரியர்கள் சார்பில், கோயில் உறுப்பினர் ஒருவர்