தம்பிக்கு, நீ கேட்ட டைம்டேபிள்

தம்பி,

"சார், பரீட்சைக்குப் படிக்க ஒரு டைம்டேபிள் போட்டுத் தாங்க, அவசரம்" என்று அனுப்பியிருந்தாய். பிளஸ் டூ படிக்கிறாய் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். எந்த குரூப், எந்தப் பரீட்சை, என்றைக்கு ஆரம்பம், வீட்டில் எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்று எதுவும் எழுதவில்லை. நீ பதில் அனுப்பும்வரை சும்மா இருக்க வேண்டாம் என்பதால், நானே சிலவற்றை வைத்துக்கொண்டு ஒரு வாரத்துக்குப் போட்டிருக்கிறேன். கணிதம், உயிரியல் எடுத்த குரூப். மார்ச் மாதப் பொதுத்தேர்வு. பள்ளி நாளில் இரவு இரண்டரை மணி நேரம். இவற்றில் எது தப்பு என்று சொல், மாற்றித் தருகிறேன்.

பள்ளி நாட்களில் 7 முதல் 8.30 வரை முதல் பாடம். சாப்பாடு. 9 முதல் 10 வரை இரண்டாவது பாடம்.

திங்கள்: கணிதம், பிறகு தமிழ்
செவ்வாய்: இயற்பியல், பிறகு தாவரவியல்
புதன்: கணிதம், பிறகு ஆங்கிலம்
வியாழன்: வேதியியல், பிறகு விலங்கியல்
வெள்ளி: இயற்பியல், பிறகு வேதியியல்
சனி: காலையில் கணிதம் 2 மணி நேரம், மாலையில் தாவரவியலும் விலங்கியலும் சேர்த்து 2 மணி நேரம்
ஞாயிறு: காலையில் ஒரு பாடத்தில் பழைய வினாத்தாள், 3 மணி நேரம் உட்கார்ந்து எழுத வேண்டும். மாலையில் அதைத் திருத்துவது மட்டும்.

கணிதத்துக்கு மூன்று நாள் கொடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. அதில் எழுத்துத் தேர்வே 90 மதிப்பெண். செய்முறை உள்ள பாடங்களில் 70தான். அந்த 90இல் ஒரு மதிப்பெண் கேள்விகள் 20, ஐந்து மதிப்பெண் கேள்விகள் 7. ஐந்து மதிப்பெண்ணில் ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு தருவார்கள், ஒன்றை எழுதலாம். இரண்டு, மூன்று மதிப்பெண் பகுதிகளில் பத்தில் ஏழு எழுதினால் போதும், ஆனால் ஒவ்வொன்றிலும் ஒன்று கட்டாய வினா. அதனால் பாதிப் பாடத்தை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. அணிகள் மற்றும் அணிக்கோவைகளின் பயன்பாடுகள், கலப்பு எண்கள் இரண்டையும் முதல் வாரத்திலேயே முடித்துவிடு. கணக்கைப் பார்த்துப் படிக்காதே, புத்தகத்தை மூடிவிட்டுப் போட்டுப் பார். எங்கே நின்றுபோகிறதோ அந்த வரியில் ஒரு கோடு போட்டு வை, சனிக்கிழமை அங்கிருந்து ஆரம்பி.

தமிழும் ஆங்கிலமும் வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான் என்று அலட்சியமாக விட்டுவிடாதே. 600இல் 200 அவற்றில்தான் இருக்கிறது. மனப்பாடப் பாடல்களைச் சொல்லிப் பார்ப்பதோடு நிறுத்தாமல் எழுதிப் பார். பிழை எழுதும்போதுதான் வெளியே வரும்.

சரி, இனி நீ எனக்கு அனுப்ப வேண்டியது. முதலில் உன் ஆறு பாடங்கள், ஒவ்வொன்றிலும் போன தேர்வில் என்ன வாங்கினாய் என்பதோடு. குறைவாக இருந்தாலும் மறைக்காதே, அதை வைத்துத்தான் எந்தப் பாடத்துக்கு நாள் கூட்டுவது என்று முடிவு செய்வேன். கணினி அறிவியலோ வணிகவியலோ என்றால் மேலே உள்ள வாரம் மாறும்.

அப்புறம் தேதிகள். பள்ளியில் நடக்கும் திருப்புதல் தேர்வா, பொதுத்தேர்வா? பொதுத்தேர்வு என்றால் அட்டவணையை போட்டோ எடுத்து அனுப்பு. எந்தத் தாளுக்கு முன்னால் எத்தனை நாள் இடைவெளி என்று பார்க்க வேண்டும். இடைவெளி குறைவாக உள்ள பாடத்தை நீ இப்போதே முடிக்கிற மாதிரி போடுவேன். அதிக நாள் இருக்கிற பாடத்தின் கடைசித் திருப்புதலை அந்த இடைவெளிக்கே தள்ளிவிடலாம். செய்முறைத் தேர்வு இன்னும் முடியவில்லை என்றால் அதன் தேதியும் வேண்டும்.

கடைசியாக நேரம். தினமும் ஆறு மணி நேரம் படிப்பேன் என்று எழுதாதே. ஸ்பெஷல் கிளாஸ் எத்தனை மணிக்கு விடுகிறது, பஸ் எத்தனை மணிக்கு வருகிறது, வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் வேலை இருக்கிறதா, உட்கார்ந்து படிக்க இடம் இருக்கிறதா என்று எழுது. இன்றும் நாளையும் என்ன நேரத்துக்கு என்ன செய்தாய் என்று குறித்து வைத்து அப்படியே அனுப்பினாலும் போதும். ஒன்றரை மணி நேரம்தான் கிடைக்கிறது என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை, அதற்கு ஏற்ற மாதிரி போடலாம். தூக்கத்தைக் குறைத்து நேரம் காட்டினால் மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இன்றைக்கு எந்த நாளோ அந்த வரியிலிருந்தே ஆரம்பித்துவிடு, திங்கள் வரட்டும் என்று காத்திருக்காதே. நாளை மறுநாள் இரவுக்குள் விவரங்களை அனுப்பினால், பரீட்சை முடியும் நாள்வரைக்குமான முழு டைம்டேபிளை ஞாயிற்றுக்கிழமை அனுப்பிவிடுகிறேன்.