அறிவிப்பு: ஷிப்ட் நேர மாற்றம், உற்பத்தி நிறுத்தம்

நாள்: 22.5.2026

அனைத்துத் தொழிலாளர்களின் கவனத்திற்கு,

டிரான்ஸ்பார்மர் பராமரிப்புக்காகவும் ஹியூமிடிஃபிகேஷன் பிளாண்ட் சுத்தம் செய்வதற்காகவும் 13.6.2026 சனி இரவு 10 மணி முதல் 15.6.2026 திங்கள் காலை 7 மணி வரை மில் ஓடாது. சனி இரவு ஷிப்ட் கிடையாது. அந்த ஷிப்டுக்கு உரியவர்களுக்கு முழுச் சம்பளம் உண்டு. ஞாயிறு அனைவருக்கும் வார விடுமுறை.

திங்கள் முதல் புதிய நேரம்:
முதல் ஷிப்ட்: காலை 7 – மாலை 3
இரண்டாம் ஷிப்ட்: மாலை 3 – இரவு 11
மூன்றாம் ஷிப்ட்: இரவு 11 – காலை 7

மில் பஸ்கள் எல்லா நிறுத்தங்களிலும் இப்போதைய நேரத்துக்கு ஒரு மணி நேரம் கழித்தே வரும். கேன்டீனும் அப்படியே.

சனி இரண்டாம் ஷிப்டினர் 9.30-க்குள் கடைசி டாஃப் எடுத்துவிட வேண்டும். மெஷின் நின்றதும் ஸ்பின்னிங்கில் எல்லா டாப் ஆர்ம்களின் பிரஷரையும் தளர்த்துங்கள். 33 மணி நேரம் அழுத்தத்திலேயே கிடந்தால் ரப்பர் ரோலரில் தட்டையான தடம் விழும். திங்கள் ஓடும் நூல் ஒரே சீராக வராது. ஸ்லிவர் கேன்களை பாலிதீன் போட்டு மூடுங்கள். காய்ந்த ஸ்லிவர் ரோலரில் சுற்றிக்கொள்ளும், அறுப்பும் கூடும்.

திங்கள் காலை எல்லா மெஷினையும் ஒரே நேரத்தில் ஸ்டார்ட் செய்யக் கூடாது, லோடு தாங்காமல் பிரேக்கர் டிரிப் ஆகும். எலக்ட்ரீஷியன் சொல்லும் வரிசையில் மட்டும் போடுங்கள். ரோலரில் சுற்றியதை எடுக்க, மெஷின் முழுதாக நின்ற பிறகே கை வையுங்கள்.

நேர மாற்றத்தால் சிரமம் உள்ளவர்கள், குறிப்பாகக் கைக்குழந்தை உள்ள பெண்கள், 5.6.2026-க்குள் டைம் ஆபீசில் எழுதிக் கொடுக்கவும்.

மேலாளர்